சின்னச் சொப்புக் குடம் படத்தில் பெரிய குடமாகத் தெரிகிறது: பக்கத்தில் எதை வைத்து எடுப்பது?

சொப்புக்கடை (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். பித்தளைச் சொப்புச் சாமான் ஆன்லைனில் விற்கிறேன். குடம், அண்டா, தூக்குவாளி, இட்லிப் பானை, குத்துவிளக்கு, எல்லாமே விரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை. கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது பெண்ணுக்குச் சொப்பு வைக்கிறவர்களும், கொலுவுக்கு வாங்குகிறவர்களும்தான் எனக்கு அதிகம்.

பிரச்சினை அளவுதான். குடத்தின் உயரம் 6 செ.மீ. என்று விவரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் பார்சலைப் பிரித்ததும் "இவ்வளவு சின்னதா?" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒருவர் வீட்டுப் பூஜைக்குக் கலசம் வைக்க வாங்கியிருக்கிறார். குடத்தின் வாயே 3 செ.மீ.தான், அதில் தேங்காய் எப்படி நிற்கும்? போகவர கூரியர் செலவு என் தலையில்.

பக்கத்தில் தெரிந்த பொருள் ஒன்றை வைத்து எடுத்தால் புரியும் என்றார்கள். பித்தளை டம்ளர் ஒன்றை வைத்து எடுத்தேன். உடனே "டம்ளரும் சேர்த்துத்தான் இந்த விலையா?" என்று கேட்கிறார்கள். எதை வைப்பது, எப்படி வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையசாமான்

தங்கச்சி, நான் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறவன். எனாமல் தூக்கு, மரப் பெட்டி, சிமிழ் என்று எல்லாமே வாட்ஸ்அப்பில் படம் போட்டுத்தான் இப்போது வெளியூருக்குப் போகிறது. ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வையுங்கள், போதும். ஒரு ரூபாய்க் காசைப் பார்க்காத ஆள் ஊரில் உண்டா? அதைப் பார்த்தும் புரியாதவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும். எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குகிறார்கள், அதுதான் விஷயம்.

பலகாரவீடு (தேவகோட்டை)

படத்தின் அளவு பற்றிக் கேட்பதால் சொல்கிறேன். நீளமான பக்கம் குறைந்தது 1000 பிக்சல் இருக்க வேண்டும். அமேசானில் அதற்குக் கீழே போனால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்யாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து அப்படியே ஏற்றாதீர்கள், அது சுருங்கிப் போயிருக்கும். போனில் எடுத்த ஒரிஜினலையே ஏற்றுங்கள்.

சொப்புக்கடை (காரைக்குடி)

நன்றி அண்ணே. ஆனால் நான் கேட்டது பொருளின் அளவு. படம் தெளிவாகத்தான் இருக்கிறது. தெளிவாக இருப்பதால்தான் நிஜக் குடம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

படப்பெட்டி

நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் காரணமே. நான் கைவினைப் பொருள்களைப் படமெடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் ஒரு பொருளைப் படத்தில் பார்த்து அளவைக் கணிப்பது அதன் உருவத்தை வைத்துத்தான். மோதிரம் என்றால் விரலளவு, நாற்காலி என்றால் ஆளளவு என்று மனசு தானாக முடிவு செய்துவிடும். சொப்பில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. நல்ல கன்னார் செய்த சொப்புக் குடத்தில் கழுத்து, வயிறு, விளிம்பு எல்லாம் பெரிய குடத்தின் அதே விகிதத்தில் இருக்கும். வேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு ஏமாற்றும். வெறும் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கிறபோது 6 செ.மீ.யா 30 செ.மீ.யா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாங்குகிறவர் தன் வீட்டில் பார்த்துப் பழகிய குடத்தின் அளவை அதற்குக் கொடுத்துவிடுகிறார். பழையசாமான் அண்ணன் சொல்வதுபோல் படிக்காமல் வாங்குகிறவர்களும் உண்டு, ஆனால் படித்தவர்களுக்கும் இது நடக்கும். கண் முதலிலேயே முடிவு செய்துவிட்டால் எண் அப்புறம் வந்து அதை மாற்றுவது கஷ்டம்.

டம்ளர் ஏன் உதவவில்லை என்றால், டம்ளரிலும் சொப்பு உண்டு. நீங்கள் விற்பதே சொப்புதான். சொப்புக் குடத்துக்குப் பக்கத்தில் டம்ளர் இருந்தால் அதுவும் சொப்பு டம்ளர் என்றோ, இரண்டுமே பெரியது என்றோதான் படும். அதுவும் இதுவும் பித்தளை, ஒரே நிறம். செட் என்று நினைப்பதில் தவறே இல்லை. துணைக்கு வைக்கிற பொருள் எல்லா ஊரிலும் ஒரே அளவில் வருவதாக இருக்க வேண்டும், நீங்கள் விற்கிற சரக்கோடு ஒட்டாததாகவும் இருக்க வேண்டும். உழக்கு, கிண்ணம், ஊதுபத்தி ஸ்டாண்ட், இதெல்லாம் வேண்டாம்.

பழையசாமான்

அதைத்தான் நானும் சொன்னேன் தம்பி. ஒரு ரூபாய்க் காசு எல்லா ஊரிலும் ஒரே அளவுதானே.

படப்பெட்டி

காசு நல்ல யோசனைதான் அண்ணே, ஒரு ரூபாய்தான் சரிப்படாது. உங்கள் கல்லாப் பெட்டியில் இருக்கிற ஒரு ரூபாய்க் காசுகளை அள்ளி மேசையில் பரப்பிப் பாருங்கள். 1990களில் வந்த எவர்சில்வர் காசு 25 மி.மீ. 2011இல் வந்த வரிசையில் 22 மி.மீ. 2019 வரிசையில் 20 மி.மீ. மூன்றும் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கின்றன.

இதனால் என்ன ஆகிறது என்று சொப்புக்கடை அக்காவின் குடத்தையே வைத்துப் பார்ப்போம். 6 செ.மீ. குடத்துக்குப் பக்கத்தில் புது 20 மி.மீ. காசை வைத்தால், குடம் மூன்று காசு உயரம் என்று தெரியும். வாங்குகிறவர் மனசில் இருப்பது பழைய 25 மி.மீ. காசு என்றால் மூன்று காசு என்பது 7.5 செ.மீ. ஆகிவிடும். காசு வைத்தும் ஒன்றரை செ.மீ. ஏமாற்றம். 2 ரூபாயும் 5 ரூபாயும் இப்படியே வரிசைக்கு வரிசை மாறியிருக்கின்றன.

பத்து ரூபாய்க் காசை எடுங்கள். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறமாக இருப்பது. எந்த வருஷத்துக் காசானாலும் 27 மி.மீ.தான். இரண்டு நிறம் இருப்பதால் சின்னப் படத்தில்கூட இது பத்து ரூபாய் என்று அடையாளம் தெரிந்துவிடும்.

பழையசாமான்

கல்லாவைக் கொட்டிப் பார்த்தேன். உண்மைதான், மூன்று அளவு இருக்கிறது. தினமும் கையில் புழங்குகிற காசு, இப்படி அடுக்கிப் பார்த்ததில்லை. ஆனால் பத்து ரூபாய்க் காசில் ஓரம் மஞ்சளாக இருக்கிறது, பித்தளைக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணில் ஒட்டாமல் போகாதா?

படப்பெட்டி

பளபளப்பான புதுப் பித்தளை என்றால் நீங்கள் சொல்வது கொஞ்சம் நடக்கும். நடுவில் வெள்ளையாக இருப்பது காப்பாற்றும். கறுத்த பழைய பித்தளைக்குப் பிரச்சினையே இல்லை.

சிராங்கூன்_மீனா

நான் சிங்கப்பூர். பூர்வீகம் கானாடுகாத்தான் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கேதான். வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பத்து ரூபாய்க் காசு எனக்கு ஒன்றுமே சொல்லாது. ஊருக்கு வந்தால் நோட்டுதான் கையில் இருக்கும், காசு எப்படி இருக்கும் என்று நினைவில் இல்லை. இங்கேயும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தச் சாமான்களை வாங்குகிறோம், எங்களுக்கும் புரிகிற மாதிரி ஏதாவது வையுங்கள்.

செ.மீ. பற்றியும் ஒன்று. 6 செ.மீ. என்று படித்துத்தான் ஒரு அண்டா வாங்கினேன். படித்தேன், புரிந்தது என்றுதான் நினைத்தேன். கையில் எடுக்கிற வரை அது எவ்வளவு என்று மனசில் ஏறவில்லை. (திருப்பி அனுப்பவில்லை, பேத்தி விளையாடுகிறாள்.)

படப்பெட்டி

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் ஏ.டி.எம். கார்டுதான். உலகம் முழுக்க ஒரே அளவு, 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். சிங்கப்பூரில் இருக்கிறவர் பர்ஸிலும் அதே கார்டுதான் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நீளப் பக்கம் தரையில் படும்படி நிறுத்தினால் கார்டின் உயரம் 5.4 செ.மீ. உங்கள் குடம் அதைவிடக் கொஞ்சம்தான் உயரம். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பலகாரவீடு (தேவகோட்டை)

ஏ.டி.எம். கார்டை நெட்டில் போடச் சொல்கிறீர்களா? நம்பர் போய்விடாதா?

படப்பெட்டி

நம்பர், பெயர் எதுவும் தெரியவே கூடாது, அதில் மாற்றுப் பேச்சே இல்லை. இப்போது வருகிற கார்டுகள் சிலவற்றில் முன்பக்கம் சிப் மட்டும் இருக்கும், எண்ணெல்லாம் பின்பக்கம். அப்படிக் காலாவதியான கார்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் எண் இருக்கிற இடத்தில் காகிதப் பட்டை ஒட்டி மறைத்த பிறகு படமெடுங்கள். எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மறைக்கலாம் என்று விடாதீர்கள், ஒரிஜினல் போனில் கிடக்கும், எப்போதாவது தவறுதலாக அதை ஏற்றிவிடுவோம். ரேஷன் ஸ்மார்ட் கார்டும் அதே அளவுதான், ஆனால் அதில் குடும்ப விவரம் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

சொப்புக்கடை (காரைக்குடி)

ஐ.டி. கார்டு அடித்துக் கொடுக்கிற கடையில் வெற்று வெள்ளைக் கார்டு கிடைக்குமே, அது ஆகாதா? பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

படப்பெட்டி

அளவு அதேதான். ஆனால் பார்க்கிறவருக்கு அது ஏதோ ஒரு வெள்ளை அட்டை, அவ்வளவுதான். விசிட்டிங் கார்டா, கல்யாணப் பத்திரிகையா? தெரியாத பொருளை வைத்துத் தெரியாத பொருளை அளக்க முடியாது. சிப் தெரிந்தால்தான் அது கார்டு.

சிராங்கூன்_மீனா

சிப் இருந்தால் எனக்கு உடனே புரியும். ஆனால் சாமி விளக்குக்குப் பக்கத்தில் பேங்க் கார்டு நிற்பது எனக்கு மனசுக்கு ஒட்டவில்லை. சொப்புக்குச் சரி.

ஓலைக்கொட்டான்

நான் பனை ஓலைக் கொட்டான் முடைகிறேன் அக்கா. இதே கதைதான் எனக்கும். சின்னக் கொட்டானுக்கு ஓலையை மெல்லிசாகக் கிழித்து முடைவோம், அதனால் படத்தில் பெரிய கொட்டானும் சின்னக் கொட்டானும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் கையில் பிடித்துத்தான் படம் எடுக்கிறேன். கை எல்லோருக்கும் தெரியுமே? காசும் கார்டும் வைத்தால் கடைச் சரக்கு மாதிரி ஆகிவிடுகிறது. கையில் இருந்தால் அழகாக இருக்கிறது.

படப்பெட்டி

கை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கை ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கை சின்னக் கையாக இருந்தால் கொட்டான் பெரிதாகத் தெரியும். அதோடு கையைக் கேமரா பக்கம் நீட்டிப் பிடிக்கிறபோது விரல்களும் பொருளும் முன்னே பின்னே போய்விடும். அளவுக்கு என்று நம்பி வைக்க வேண்டாம். மூன்றாவது நான்காவது படமாகப் போடலாம்.

சிராங்கூன்_மீனா

நான் இதில் உங்களோடு ஒத்துப்போகவில்லை தம்பி. கார்டைப் பார்த்தால் அளவு தெரியும், கையில் பார்த்தால்தான் அது எப்படிப் பிடிக்கும், எவ்வளவு கொள்ளும் என்று தெரிகிறது. இரண்டில் ஒன்றுதான் போடலாம் என்றால் நான் கைப்படத்தையே கேட்பேன்.

சொப்புக்கடை (காரைக்குடி)

சரி, இப்போதைக்குப் பத்து ரூபாய்க் காசில் தொடங்குகிறேன். நேற்று சாயங்காலம் ஜன்னலோரம் வைத்து எடுத்தேன். குடத்தின் வயிற்றில் முன்னால் காசைச் சாய்த்து வைத்தேன், அப்படித்தான் காசு விழாமல் நிற்கிறது. ஆனால் இப்போது குடம் நிஜத்தைவிடச் சின்னதாகத் தெரிகிற மாதிரி எனக்கே படுகிறது. பிரமையா?

படப்பெட்டி

பிரமை இல்லை. போன் குடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது? ஒரு சாண் இருக்குமா?

சொப்புக்கடை (காரைக்குடி)

ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

படப்பெட்டி

அப்படியானால் கணக்கு இதுதான். படத்தில் தெரிகிற குடத்தின் ஓரக்கோடு அதன் நடுப்பகுதியில் இருக்கிறது, போனிலிருந்து 25 செ.மீ. தூரம். காசு வயிற்றுக்கு முன்னால் சாய்ந்து நிற்பதால் அது நடுவைவிடச் சுமார் 4 செ.மீ. போனுக்குக் கிட்டே இருக்கிறது, அதாவது 21 செ.மீ. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். 25ஐ 21ஆல் வகுத்தால் 1.19. காசு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பருத்துவிட்டது. காசு பருத்தால் குடம் சிறுத்துத் தெரியும்.

இது உங்களுக்கு நஷ்டம், ஆனால் வாங்கியவர் திட்ட மாட்டார். இதற்கு நேர்மாறாகக் காசைக் குடத்துக்குப் பின்னால் 4 செ.மீ. தள்ளி வைத்தால், 6 செ.மீ. குடம் ஏறக்குறைய 7 செ.மீ. மாதிரி தெரியும். அதுதான் சண்டையில் போய் முடியும். அழகுக்காகக் காசையோ கார்டையோ பின்னால் ஒளித்து வைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது.

காசை முன்னாலும் வைக்காதீர்கள், பின்னாலும் வைக்காதீர்கள். குடத்தின் பக்கவாட்டில், அதன் நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். மேசையில் அளவுகோலைக் குறுக்காக வைத்து, குடத்தின் அடியின் நடுவும் காசின் அடியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் கோலை எடுத்துவிடுங்கள். காசு நிற்க அதன் பின்னால் ஒரு துளி சப்பாத்தி மாவு உருட்டி ஒட்டினால் போதும். படுக்கப் போடாதீர்கள், படுத்த காசு நீள்வட்டமாகிவிடும், உயரத்தோடு ஒப்பிட முடியாது.

போனின் லென்ஸைக் குடத்தின் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து சாய்வாக எடுத்தால் வாய் அகன்று, உயரம் குறைந்து தெரியும்.

அப்புறம், தள்ளி நில்லுங்கள். 60 செ.மீ. தூரம் போய் 2x அழுத்தி எடுங்கள். அந்தத் தூரத்தில் காசு நாலு செ.மீ. முன்னே போனாலும் தவறு 7 சதவீதம்தான். கைத்தவறு கொஞ்சம் இருந்தாலும் படம் தாங்கும்.

பலகாரவீடு (தேவகோட்டை)

60 செ.மீ.க்கு ஏன் நிறுத்தினீர்கள்? இரண்டு மீட்டர் போனால் தவறே இருக்காதே.

படப்பெட்டி

அங்கேதான் நீங்கள் முதலில் சொன்ன 1000 பிக்சல் வருகிறது. தள்ளிப் போகப் போகக் குடம் படத்தில் ஒரு புள்ளியாகிவிடும், வெட்டி எடுத்தால் பிக்சல் மிஞ்சாது. சாதாரண 12 மெகாபிக்சல் படத்தில் 60 செ.மீ. தூரம், 2x என்றால் காசோடு சேர்த்துக் குடத்தைச் சதுரமாக வெட்டினாலும் 1000 பிக்சலுக்கு மேல் நிற்கும். ஒரு மீட்டர், 1x என்றால் சுமார் 400தான் கிடைக்கும். சில போன்களில் 2x என்பது வெறுமனே இழுத்துப் பெரிதாக்குவது, விளிம்பெல்லாம் மங்கலாகிவிடும். அந்தப் போன் என்றால் தூரத்தைக் குறைத்து, காசை வைக்கிற இடத்தில் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சொப்புக்கடை (காரைக்குடி)

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் கண்ணுக்கு நிஜ அளவு ஏற்கெனவே தெரியும், அதனால் எல்லாப் படமும் சரியாகத்தான் படுகிறது.

படப்பெட்டி

படத்தை லேப்டாப்பில் பெரிதாகத் திறந்து, ஸ்கேலைத் திரையின்மேல் வைத்துக் காசின் குறுக்களவையும் குடத்தின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். குடத்தின் அளவைக் காசின் அளவால் வகுத்து 27ஆல் பெருக்கினால் மி.மீ.யில் உயரம் வர வேண்டும். நிஜ அளவிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி வந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் காசு இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். விடை பெரிதாக வந்தால் காசு பின்னால், சிறிதாக வந்தால் காசு முன்னால்.

சொப்புக்கடை (காரைக்குடி)

இரண்டு படத்தையும் அளந்தேன். வயிற்றில் சாய்த்த பழைய படத்தில் திரையில் குடம் 80 மி.மீ., காசு 43 மி.மீ. கணக்குப் போட்டால் 50 மி.மீ. வருகிறது. 6 செ.மீ. குடம் 5 செ.மீ. ஆகிவிட்டது!

இன்று காலை பக்கவாட்டில் நிறுத்தி, தள்ளி நின்று எடுத்ததில் குடம் 80, காசு 36. சரியாக 60 மி.மீ. அதே மேசை, அதே குடம், அதே காசு. பின்னணிக்கு அப்பச்சி வீட்டுப் பழைய கறுப்புப் பட்டுத் துணி போட்டேன், காசும் குடமும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன.

இந்தப் படத்தையே முதல் படமாகப் போட்டுவிடட்டுமா?

ஆத்தங்குடி_கல்

முதல் படமாகப் போடாதீர்கள். அமேசானில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி கேட்பார்கள், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், விற்பனையில் சேராத எந்தப் பொருளும் உள்ளே இருக்கக் கூடாது. காசு வைத்தால் படம் நிற்காது. இரண்டாவதாகப் போடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் கேட்டலாக், இன்ஸ்டா எல்லாம் உங்கள் இஷ்டம், அங்கே காசுப் படமே முதலில் இருக்கலாம்.

நான் எங்கள் ஊர்க் கல்லில் டீ கோஸ்டர் செய்து விற்கிறேன். வீட்டுத் தரைக்குப் போடுகிற 8 அங்குலக் கல்லும் 4 அங்குலக் கோஸ்டரும் ஒரே பூ டிசைன், படத்தில் துளி வித்தியாசம் தெரியாது. தரைக்கல் என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. நான் காசு, கார்டு எதுவும் வைக்கவில்லை. கோஸ்டர்மேல் டீ கிளாஸ் வைத்து எடுத்தேன், ஓரத்தில் கொஞ்சம்தான் கல் தெரியும். இது எதற்கு, எவ்வளவு பெரிது என்ற இரண்டும் ஒரே படத்தில் முடிந்தது.

படப்பெட்டி

கோஸ்டருக்கு இது காசைவிட நல்ல வழி. ஏனென்றால் டீ கிளாஸில் விளையாட்டுச் சாமான் வருவது அபூர்வம், அதில் டீயும் இருந்தால் நிஜக் கிளாஸ் என்று உறுதியாகிவிடும். சொப்புக்கு இது ஆகாது, சொப்புக்கென்று பயன்பாடு கிடையாதே.

அக்கா, முதல் படத்தில் காசு வைக்க முடியாத இடத்தில் தலைப்பைப் பயன்படுத்துங்கள். "பித்தளைக் குடம், கைவேலை, செட்டிநாடு, பரிசுப்பொருள், 6 செ.மீ." என்று கடைசியில் போட்டால் போனில் அந்த வால் வெட்டுப்படும். "சொப்புக் குடம் 6 செ.மீ." என்று முதலிலேயே வரட்டும். தேடுகிற இடத்தில் முதல் படமும் தலைப்பின் தொடக்கமும் மட்டும்தான் கண்ணில் படும்.

பழையசாமான்

அம்புக்குறி போட்டு 6 செ.மீ. என்று படத்தின்மேலேயே எழுதிவிட்டால்? என் பையன் அப்படித்தான் செய்கிறான்.

படப்பெட்டி

எழுதலாம், நல்லதுதான். ஆனால் அதுவும் எண்தான் அண்ணே. மீனா அக்கா சொன்னார்களே, படித்தும் மனசில் ஏறவில்லை என்று. காசு இருக்கிற படத்தின்மேல் அம்புக்குறி போட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். தனி அம்புக்குறிப் படத்தில் 6ஐ 60 என்று மாற்றினாலும் குடம் அப்படியேதான் தெரியும், பாருங்கள்.

பழையசாமான்

இன்னொன்று. காமாட்சி விளக்குக்குக் கார்டு வைப்பது ஒட்டவில்லை என்று சிங்கப்பூர் ஆச்சி சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான். விளக்கில் எண்ணெய் விட்டு ஏற்றியே படமெடுத்தால் என்ன? சுடரைச் சொப்பாகச் செய்ய முடியாது. சின்ன விளக்கில் சுடர் பெரிதாக இருக்கும், பெரிய விளக்கில் சுடர் சின்னதாக இருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

படப்பெட்டி

இது எனக்குப் பிடித்திருக்கிறது. சுடர் உண்மையிலேயே நல்ல அடையாளம். ஆனால் திரி தடிமனுக்குத் தகுந்த மாதிரி சுடர் மாறும். ஒற்றைத் திரிச் சுடரும் தடித்த பஞ்சுத் திரிச் சுடரும் ஒன்றல்ல. விளக்கு சின்னது என்று மட்டும் சொல்லும், 5 செ.மீ.யா 8 செ.மீ.யா என்று சொல்லாது. அதோடு சுடருக்கு வெளிச்சம் சரிசெய்தால் பித்தளை கறுத்துவிடும், பித்தளைக்குச் சரிசெய்தால் சுடர் வெள்ளைப் புள்ளியாகிவிடும். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பழையசாமான்

ஒரே வகைத் திரியை எப்போதும் போட்டால் போதுமே. நான் எடுத்துப் பார்க்கிறேன்.

ஓலைக்கொட்டான்

எல்லோரும் உயரத்தையே பேசுகிறீர்கள். என்னிடம் வாங்குகிறவர்கள் கேட்பது "ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ரெண்டு பழம் கொள்ளுமா?" என்றுதான். கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்கக் கொட்டான் வாங்குகிறார்கள். பக்கத்தில் காசு வைத்தால் அதற்குப் பதில் வராதே?

படப்பெட்டி

வராது. உங்கள் சரக்குக்கு உள்ளே வைத்துத்தான் காட்ட வேண்டும். தேங்காயை உள்ளே வைத்து, மேலே வெற்றிலை வைத்து, விளிம்புக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும்படி எடுங்கள். கொட்டானை லேசாகச் சாய்த்து உள்பக்கமும் தெரிவதுபோல் இன்னொன்று. ஆனால் தேங்காய் பெரிசும் சிறிசுமாக வரும். உரித்த தேங்காயாக, நடுத்தரமாக எடுங்கள், குடுமி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிராங்கூன்_மீனா

இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் குடுமி எடுத்து வழவழவென்று இருக்கிற தேங்காய், அளவும் வேறு. இங்கே இருக்கிறவர்களுக்கு விற்கும்போது தேங்காய்ப் படத்தோடு கார்டுப் படமும் போடுங்கள் அம்மா. எனக்கு எது உள்ளே போகும் என்பதை நான் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

ஓலைக்கொட்டான்

சரிங்க ஆச்சி. 2 அங்குலக் கொட்டானும் ஒன்று இருக்கிறது, பாக்கு போட்டுக் கொடுக்க வாங்குவார்கள். அதில் தேங்காய் போகாது. கொட்டைப்பாக்கு வைத்து எடுக்கலாமா?

படப்பெட்டி

பாக்கு வைத்தால் சின்னது என்று தெரியும், எவ்வளவு சின்னது என்று பாக்கைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்கு மட்டும் தெரியும். பாக்கு உள்ளே, பத்து ரூபாய்க் காசு வெளியே பக்கவாட்டில், கொட்டானின் நடுக்கோட்டுக்கு நேராக. ஓலையின் நிறம் வெளிறி இருப்பதால் அதற்கு மாவு தடவாதீர்கள், கறை பிடித்துவிடும். காசுக்குப் பின்னால் மட்டும், கொட்டானில் படாமல்.